பதினான்காவது பிழை

பிழைப் பட்டியல் எழுதுவதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. மற்ற பெண்கள் தங்கள் பிரியாணியைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற மாதிரி நான் என் இணையதளப் பிழை மெயில்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வேன். என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, இதனால் யாருக்கு என்ன பாதிப்பு: ஒரு பிழைக்கு நாலே வாக்கியம். ஐந்தாவது வாக்கியம் தேவைப்பட்டால் எனக்கே பிழை புரியவில்லை என்று அர்த்தம். என் கணவர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "எங்க டாக்டருங்க எழுதற டிஸ்சார்ஜ் சம்மரியவிட இது நல்லாருக்கு, என்ன நோயின்னாவது புரியுது" என்றார். அதை இன்றுவரை பாராட்டாகத்தான் வைத்திருக்கிறேன்.

மைசூர் ஹெப்பாளில் பெரிய கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தேன். காலை கம்பெனி பஸ், மாலை கம்பெனி பஸ், நடுவில் மீட்டிங். ஒருநாள் போதும்டா சாமி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துத் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தேன். யாரோ எழுதிவிட்டுப் போன இணையதளங்களைச் சரிசெய்து கொடுக்கிற வேலைதான் அதிகம் வரும். வாடகை வீடு மாறுகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்களே, அதைப்போல நானும் கைவைக்கும் முன் ஒரு வாரம் அவகாசம் கேட்பேன். முழுக்கப் படிப்பேன். கண்ட பிழைகளை மெயிலில் அனுப்புவேன். அதன் பிறகுதான் வேலை. எழுதிவிட்டுப் போனவரை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. நாளைக்கு என் ப்ரோகிராமை வேறொருத்தி படிப்பாள் அல்லவா?

அப்படித்தான் மண்டி மொஹல்லா கடைத்தெருவில் அந்த லாட்ஜ் உரிமையாளர் எனக்கு அறிமுகமானார். கொள்ளேகால் பக்கத்து ஆள். மாதேஸ்வரன் மலையில் பக்தர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்றும் வேன்கள் நாலும் வைத்திருந்தார். முன்பதிவு அலுவலகம் மட்டும் மைசூரில், ஒரு சந்துக்குள், ஸ்கூட்டர்களைத் தாண்டித் தாண்டிப் போனால் முதல் மாடியில். அறை முன்பதிவு செய்ய ஒரு இணையதளம் இருந்தது. அதை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், போனை எடுப்பதில்லை.

"பாக்கறதுக்கு நல்லாத்தானுங் இருக்குது. அமாவாசைக் கூட்டம் வந்தா மட்டும் மானம் போகுதுங்" என்றார். "புதுசாட்டம் பண்ணிக் குடுத்துப்போடுங் அம்மணி."

"முதல்ல ஒரு வாரம் படிக்கணும் சார்."

"படிக்கறதுக்கு என்னங் இருக்குது? பரீட்சையா?"

பரீட்சைதான் சார், எனக்கில்லை, உங்க தளத்துக்கு என்றேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அந்த அலுவலகத்தில் முன்பதிவு மேசையில் இருந்தவள் நாற்பதை ஒட்டிய ஒரு பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கலாம். கணவர் கட்டட வேலை. சேலம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்த குடும்பம், படித்தது முழுக்க இங்கே கன்னடத்தில். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. தினம் காலை ஒன்பது மணிக்குத் தளத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறப்பாள். 'இன்று வருவோர்' என்ற பட்டியலை எடுத்து வாட்ஸ்ஆப்பில் மலை லாட்ஜுக்கு அனுப்புவாள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அறை, இல்லையென்றால் இல்லை. அதன் பிறகு நாள் முழுக்கப் போன். அன்று எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தது அவள்தான். வேறு பேச்சில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். எழுதியவர் மட்டமான ஆள் இல்லை. சில இடங்கள் அழகாகவே இருந்தன. சில இடங்களில் வீட்டுக்குப் போகிற அவசரம் தெரிந்தது. மொத்தம் பத்தொன்பது பிழைகள். முதலாவதுதான் இருப்பதிலேயே மோசம். முன்பதிவு செய்தவருக்கு வருகிற இணைப்பின் கடைசியில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டிப் போட்டால், அடுத்த ஆளின் பெயர், போன் நம்பர், அடையாள அட்டையின் படம் எல்லாம் திறந்துகொண்டு வந்தது. இரண்டாவது, கடவுச்சொற்கள் அப்படியே எழுத்தெழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தன. மூன்றாவது, தேடல் பெட்டியில் விஷயம் தெரிந்தவன் ஒரு வரி போட்டால் மொத்தத் தகவலையும் அள்ளிக்கொண்டு போகலாம். நான்காவது, கடைசி ஒரு அறையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுக்க முடிந்தது. இப்படியே போனது. ஒன்பதாவதாக ஒரு விஷயம்: நிர்வாகப் பக்கத்தில் அச்சிடும் பட்டனை ஒட்டியே அழிக்கும் பட்டன். அழுத்தினால் 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்காது. யார் அழித்தார்கள் என்று எங்கும் பதிவும் ஆகாது.

பதினான்காவது இது. தளத்தில் 'இன்றே அறை வேண்டும்' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் தேதியை நாம் தேர்ந்தெடுக்க வேண்டாம், தளமே 'இன்று' என்று போட்டுக்கொள்ளும். ஆனால் தளம் ஓடிய கணினி வெளிநாட்டில் இருந்தது. அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆகவே இங்கே நள்ளிரவு தாண்டி விடிகாலை ஐந்தரை வரை, அந்தக் கணினிக்கு இன்னும் நேற்றுதான். அந்த நேரத்தில் 'இன்றே' என்று பதிவு செய்தால் நேற்றைய தேதியில் போய் உட்காரும்.

இதைக் கண்டுபிடித்தபோது கொஞ்சம் சிரித்தேன்கூட. விடிகாலை மூன்று மணிக்கு எவன் லாட்ஜ் புக் பண்ணுவான்? 'அரிதாக நிகழ்வது, முன்னுரிமை: குறைவு' என்று எழுதினேன். யாருக்குப் பாதிப்பு என்ற நாலாவது வாக்கியத்தில், 'மிகச் சிலருக்கு' என்று போட்டேன்.

மெயிலை இங்கிலீஷில், கட்டம் கட்டி, சிவப்பு மஞ்சள் பச்சை என்று நிறம் கொடுத்து அனுப்பினேன். மேலே, 'முதல் ஐந்தும் உடனடியாகச் சரிசெய்ய வேண்டியவை' என்று தடித்த எழுத்தில். அனுப்பிவிட்டு நானே இரண்டு முறை திறந்து படித்தேன். அப்படி ஒரு திருப்தி. அரை மணியில் பதில் வந்தது: ஒரு கட்டைவிரல் படம், 'ஃபர்ஸ்ட் ஃபைவ் ஓகே.' அவ்வளவுதான். சரி, அவருக்கு இது போதும் என்று நினைத்து அந்த ஐந்தில் இறங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை பகலில் அறைகளின் புகைப்படங்கள் வாங்க அலுவலகத்துக்குப் போனேன். படி ஏறும்போதே சத்தம் கேட்டது. உள்ளே வேன் டிரைவர்கள் மூன்று பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். உரிமையாளர் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தன் மேசை டிராயரிலிருந்து டிபன் டப்பா, குடை, கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் அமாவாசை.

"வாங் அம்மணி, நீங்களே கேளுங்" என்று என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "நேத்து மூணு குடும்பம். காசு கட்டிப்போட்டு, மெசேஜும் வந்துபோட்டு, மலைக்குப் போயி நின்னா லிஸ்ட்டுல பேரு இல்லை. கைக்கொழந்தையோட வெளிய படுத்திருக்கறாங்க. போன அமாவாசைக்கும் இதே கதை. வெப்சைட்டுல புக் ஆகுது, லிஸ்ட்டுல வரலை. நடுவால யாருங் இருக்கறா? இவதானே? வேண்டப்பட்டவங்களுக்கு ரூம் வேணும்னா மத்தவங்க பேர அழிச்சுப்போடறது!"

"நான் அழிக்கல சார்" என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "எத்தன தடவ சொல்றது. லிஸ்ட்ல வந்தத அப்படியே அனுப்பறேன்."

"வெளிய போ. திங்கக்கெழமை வேற ஆளு வருது."

அந்தச் சந்தில் இருக்கிற எல்லா அலுவலகமும் ஒன்றுக்கொன்று தெரிந்தவை. 'பேரை அழித்தவள்' என்று ஒரு சொல் வெளியே போனால், அப்புறம் எந்தக் கடையிலும் அவளை ஒரு மேசையில் உட்கார வைக்க மாட்டார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். டிரைவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஏதோ உறுத்தியது. "அந்தக் குடும்பங்க எத்தன மணிக்கு புக் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

உரிமையாளருக்குத் தெரியவில்லை. அவள்தான் பதில் சொன்னாள். "ஒண்ணு மூணு நாப்பது. ஒண்ணு நாலு பத்து. இன்னொண்ணு அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. எல்லாம் விடியக்காலைல. அமாவாசைக்கு ஜனங்க ராத்திரியே கெளம்பி கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுல மலை பஸ்ஸுக்கு நிப்பாங்கல்ல மேடம், அங்க நின்னுட்டே போன்ல புக் பண்ணுவாங்க."

ஐயோ என்றிருந்தது எனக்கு. விடிகாலை மூன்று மணிக்கு எவன் புக் பண்ணுவான் என்று சிரித்தேனே! இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் அமாவாசைக்கு மலைக்குக் கிளம்பிப் போகிறதைப் பார்த்தவள். அந்த மண்டைக்கு இது எட்டவில்லை. காலை பதினோரு மணிக்கு வீட்டு மேசையில் உட்கார்ந்து ப்ரோகிராம் படித்தால் இப்படித்தான்.

"சார், இது அவங்க தப்பில்ல. தளத்துல இருக்கற பிழை. நான் மெயில்ல எழுதியிருக்கேன், பதினாலாவது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினாலாவதா? அஞ்சுதான் முக்கியம்னு நீங்கதானுங் எழுதுனீங்க. மத்ததெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்னு பச்சைக் கலரு வேற போட்டிருந்தீங்க. இப்ப ஒரு பொம்பளை அழுவறாளேன்னு பதினாலு பெருசாப் போச்சுங்களா?"

"நான் அழல" என்றாள் அவள். உண்மைதான், அவள் அழவில்லை.

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. என் மெயிலை நம்பித்தான் அவர் அதைப் படிக்காமல் விட்டார். "திங்கக்கெழமை காலைக்குள்ள ஆதாரத்தோட எழுதித் தர்றேன்" என்றேன். "அதுவரைக்கும் புது ஆள உட்கார வைக்காதீங்க."

"எழுதுங். ஆனா எனக்குப் புரியறாப்புல எழுதுங். ஆதாரம் இல்லைன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

படி இறங்கும்போது அவளிடம் கேட்டேன், மணியெல்லாம் எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் என்று. "ஞாபகம் எங்க மேடம்" என்று பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள். "லிஸ்ட்ல பேர் இல்லன்னு திட்றவங்க ஆபீஸ் நம்பருக்குத்தானே கூப்புடுவாங்க. வந்த மெசேஜ எனக்கு அனுப்புங்கன்னு கேப்பேன். அதுல மணி இருக்கும். எழுதி வெச்சுப்பேன். நாளைக்கு யாராவது கேட்டா காட்டலாமேன்னு. யாரும் கேக்கல."

மறுநாள் ஞாயிறு. நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் என் லேப்டாப், மறுபக்கம் அவள் நோட்டு. திறந்து பார்த்தால் கன்னட எழுத்து. ஆனால் வாசித்தால் தமிழ். 'பேர் இல்லெ, ரொம்ப திட்னாங்க' என்று அப்படியே அவள் பேச்சு, கன்னட எழுத்தில். எனக்குத் தமிழ் எழுத்து வந்ததே கோயில் ஜெபப் புத்தகத்தில் அம்மா விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்ததால்தான், இல்லாவிட்டால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன். ஒவ்வொரு பதிவிலும் தேதி, மணி, போன் நம்பர். அவர்கள் என்ன செய்தார்கள், என்ன கிடைக்கும் என்று நினைத்து வந்தார்கள், என்ன கிடைத்தது, யார் யார் வெளியே படுத்தார்கள்.

நான் நோட்டை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். என் நாலு வாக்கியம்! எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கம்பெனியும் எத்தனையோ பயிற்சி வகுப்புகளும் தேவைப்பட்டன. அதிலும் அந்த நாலாவது வாக்கியத்தில் நான் 'மிகச் சிலருக்கு' என்று எழுதிய இடத்தில், இவள் 'கர்ப்பிணி ஒருத்தர், வயசானவர் ரெண்டு பேர்' என்று எழுதியிருந்தாள்.

"யம்மா தாயே, உங்க முன்னாடி நான் எல்லாம் சும்மா" என்றேன்.

"ஐயோ, சும்னே சொல்றீங்க மேடம்."

"மேடம் வேணாம். அக்கான்னு கூப்டுங்க."

தளத்தில் ஒவ்வொரு முன்பதிவும் எந்த நொடியில் உருவானது என்பது பதிவாகியிருந்தது. அதுவும் பொது நேரத்தில்தான். ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம் வந்துவிடும். அவள் ஒரு போன் நம்பரைப் படிப்பாள், நான் தேடுவேன். முதல் நம்பரே கிடைத்தது. அவள் நோட்டில் மூன்று நாற்பது, தளத்தில் முந்தைய இரவு பத்து மணி பத்து நிமிடம், தங்கும் தேதி ஒரு நாள் பின்னால். பெயர் அழியவே இல்லை. நேற்றைய பட்டியலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. முடிந்துபோன தேதிகளை நிர்வாகப் பக்கம் காட்டுவதில்லை என்பதால் அவள் கண்ணில் பட வழியே இல்லை. பக்தருக்குப் போன குறுஞ்செய்தியிலும் 'இன்று உங்கள் அறை உறுதி' என்றுதான் இருந்தது, தேதி கிடையாது. அதனால் அவர்களுக்கும் தெரியவில்லை.

"இருக்குதா? பேரு இருக்குதா?" என்று எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. "நான்தான் ஏதாச்சும் தெரியாம பண்ணிட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா. சத்யமா."

அடுத்தது, அதற்கடுத்தது. பதினோரு பேர் வரிசையாகக் கிடைத்தார்கள். ஒவ்வொருவரும் நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவில். ஒவ்வொருவரும் ஒரு நாள் பின்னால். கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் நம்பர் கூப்புட்டு ஹவுஸி ஆடறீங்களா?" என்றார். அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டாவது கிடைக்கவில்லை.

நம்பரைத் திரும்பத் திரும்பத் தேடினேன். பணம் கட்டிய பதிவு இருந்தது, முன்பதிவு இல்லை. அதுவும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டியது. நான் தேடிக்கொண்டே இருந்தேன். அவள் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

"விடுங்கக்கா. அது கிடைக்காது. அது நான்தான்" என்றாள். "பிரிண்ட் எடுக்கப் போயி பக்கத்துல இருக்கறத அழுத்திட்டேன். ஒரு நிமிஷத்துல போயிருச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயத்துல சொல்லல. அது ஆறு மாசம் முன்னாடி."

"அது உங்க தப்பில்ல. அந்த பட்டன அங்க வெச்சதே தப்பு. ஒன்பதாவது பிழை, நான் எழுதியிருக்கேன்" என்றேன். "பதினோரு ஆதாரம் போதும். இத விட்ருவோம். அந்தாள் இது ஒண்ணப் புடிச்சுக்குவார்."

"பட்டன் தப்பான இடத்துல இருக்கு, சரி. அழுத்தின விரல் என்னோடதுதானே?" அவள் நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். "எழுதுங்கக்கா. பதினொண்ணுக்கு நான் பொய் சொல்லலன்னு நீங்க எழுதறீங்க. பன்னெண்டாவத மறைச்சா அப்புறம் பதினொண்ணும் எப்படி நிக்கும்?"

நான் வாதாடிப் பார்த்தேன். நடக்கிற கதையா? வேலை போகிறது அவளுக்கு, முறைப்பது என்னை. கடைசியில், "நீங்க உங்க தப்ப எழுதப் போறீங்கல்ல? அந்தப் பதினாலு?" என்று கேட்டாள். எழுதப் போகிறேன் என்றேன். "அப்போ என்னோடதும் போடுங்க" என்று முடித்துவிட்டாள்.

இந்த முறை இங்கிலீஷ் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த அலுவலகத்தில் எல்லோரும் பேசுவது தமிழ், படிப்பது கன்னடம். ஆகவே கன்னடத்தில் எழுதினேன். நிறம் இல்லை, கட்டம் இல்லை. முதல் வரியே இதுதான்: நான் பதினான்காவதாக எழுதிய பிழை முதலாவதாக இருந்திருக்க வேண்டும், எத்தனை பேருக்கு நேர்கிறது என்று விசாரிக்காமல் அரிது என்று எழுதியது என் தவறு. பிறகு கடிகாரத்தின் கதை. பிறகு பதினோரு குடும்பங்கள், போன் நம்பர்களில் கடைசி நாலு எண் மட்டும், நோட்டின் மணி ஒரு பக்கம், தளத்தின் மணி ஒரு பக்கம். சரிசெய்ய வேண்டியது என்ன என்று மூன்று வரி: 'இன்று' என்பதை இந்திய நேரப்படி கணக்கிட வேண்டும், குறுஞ்செய்தியில் தேதி போட வேண்டும், அழிக்கும் பட்டன் கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும். பன்னிரண்டாவது குடும்பத்துக்கு அவள் சொன்ன வார்த்தைகளையே போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு பிழைக்கும் கீழே 'கண்டறிந்தவர்' என்று ஒரு வரி உண்டு. அங்கே இதுவரை என் பெயரைத் தவிர வேறு பெயரை நான் எழுதியதில்லை. அதில் எனக்கு அவ்வளவு பெருமை, அவ்வளவு கஞ்சத்தனம். அன்று அவள் பெயரை முழுதாக, இனிஷியலோடு கேட்டு எழுதினேன். அவள் திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். மாலை விளக்கு வைக்கும் முன்பே அனுப்பியாகிவிட்டது. பதில் வரவில்லை. கட்டைவிரலும் வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இருவரும் படியேறினோம். டிரைவர்கள் இருந்தார்கள். அவளுடைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உரிமையாளர் மெயிலை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவள் வாசல் நிலையை ஒட்டி நின்றுகொண்டாள்.

அவர் டிரைவர்கள் பக்கம் திரும்பிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். என் தவறு என்ற வரியில் தொடங்கினார். ஒவ்வொரு குடும்பமாக, இரண்டு மணியையும் படித்தார். ஐந்தாவது குடும்பம் வந்தபோது ஒரு டிரைவர், "ஆமா, அவங்கள நான்தான் திருப்பிக் கொண்டாந்து விட்டேன்" என்றார். படித்துக்கொண்டே வந்தவர் பன்னிரண்டாவதில் நின்றார். அதை வாய்விட்டுப் படிக்காமல் மனசுக்குள் படித்தார். போச்சு, சொன்னேனே கேட்டாளா என்று நினைத்தேன்.

"இத யாருங் எழுதச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் அவள் வாசலிலிருந்து.

"நீ சொல்லலைன்னா எனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது சார்."

அவர் காகிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். "நேத்து ராத்திரி மூணு வாட்டி படிச்சேனுங்" என்றார் என்னிடம். "பதினொண்ணோட நிறுத்தியிருந்தீங்கன்னா, ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு எழுதுனீங்கன்னுதான் நெனச்சிருப்பேன்." பிறகு அவளைப் பார்த்து, "சரி, வா. வந்து லிஸ்ட்ட எடு. மணி ஆச்சு" என்றார்.

அவள் நகரவில்லை.

"சார், சனிக்கெழம எல்லார் முன்னாடியும் பேர அழிச்சவள்னு சொன்னீங்க" என்றாள். அதே குரல், ஏற்றமில்லை இறக்கமில்லை. "ஒண்ணு அழிச்சேன், ஒத்துக்கறேன். மத்ததுக்கும் இவங்க முன்னாடியே சொல்லிருங்க. அப்புறம் வரேன்."

அடேயப்பா! நானாக இருந்தால் வேலை கிடைத்ததே என்று ஓடிப்போய் உட்கார்ந்திருப்பேன். கீழே சந்தில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முகம் சிவந்தது. அவர் அந்த ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள், யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் என்பது பார்த்தாலே தெரியும்.

பிறகு அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். டிரைவர்களைப் பார்த்து, "இந்தப் புள்ள யாரு பேரையும் வேணும்னு அழிக்கலை. விசாரிக்காம வாயி விட்டது நான்தான். வெளிய யாராச்சும் கேட்டாலும் இதையே சொல்லுங்" என்றார். அவளிடம், "உக்காரு புள்ள" என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குள் போன் அடித்தது. "வணக்கம், சொல்லுங்க" என்று எடுத்து, "இன்னைக்குத்தானே? ஒரு நிமிஷம், பேரச் சொல்லுங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். எத்தனையோ மெயில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வரி ப்ரோகிராம் சரியாகியிருக்கிறது. ஒரு மனுஷி தலை நிமிர்ந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஒரு மெயிலுக்குத்தான். அதில் கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை, அவள் பெயர்தான் இருக்கிறது.